"சேதத்தை எடுத்துட்டு வாங்க" என்று எழுதினால் என்ன வரும்? இளையவருக்கு வேலையை எழுதிக் கொடுக்கும் முறை

மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழுக்களோடு வேலை செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறேன். எனக்குக் கீழே நான்கு பேர். எல்லோரும் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். போன மாதம் வரை மேலே இருப்பவர் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருந்து, இந்த மாதத்திலிருந்து வேலையைக் கொடுக்க வேண்டிய இடத்துக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையைக் குழப்பமில்லாமல் எழுத வேண்டும், எழுதியதில் அதிகாரத் தோரணையும் இருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய நான் கற்றுக்கொண்டது முனைக்காடு என்ற ஊரில் பாசி மிதவைகளைக் கணக்கெடுத்தபோதுதான். அதனால் அந்த ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் மிதவையைப் பற்றிக் கொஞ்சம். 12 அடிக்கு 12 அடி சதுரமாக மூங்கிலைக் கட்டுவார்கள். மூலைக்கு மூலை குறுக்காகச் சின்ன மூங்கில் துண்டு கொடுப்பார்கள். நடுவில் 20 கயிறு ஓட்டி, கயிற்றில் விதைப்பாசியைத் துண்டு துண்டாகக் கட்டுவார்கள். ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி போகும். மீன் கடித்துவிடாமல் இருக்க அடியில் வலை. 45 நாளில் அறுவடை. பாக் விரிகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும் வரை எல்லாம் சரியாக நடக்கும். வாடைக் காற்று வேகமெடுத்தால் மூங்கில் உடையும், வலை கிழியும், சில சமயம் மிதவை நன்றாக இருக்கும்போதே பாசி மட்டும் அறுந்து போய்விடும்.

ஒரு தை மாதம் அப்படிக் காற்று அடித்த மறுநாள், எங்கள் அலுவலகத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய செய்தி இது:

> தம்பி, முனைக்காட்டுல மிதவை சேதம் எவ்வளவுன்னு முடிஞ்சா சீக்கிரம் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

பார்க்க நல்ல செய்திதான். தம்பி என்று அழைத்திருக்கிறேன், மரியாதையாக "சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறேன், "முடிஞ்சா" என்று இடம் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பதில் வந்தது: "அக்கா, 34 மிதவை சேதம்."

அந்தக் கணக்கு எனக்கு வேண்டியிருந்தது மூங்கில் வாங்குவதற்கு. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே "நீளக் கம்பு எத்தனை, துண்டு எத்தனை?" என்பதுதான். 34 மிதவைக்கும் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு நீள மூங்கில் என்று போட்டால் 136 வருகிறது. சந்தேகப்பட்டு மறுபடி ஆள் அனுப்பி எண்ணிப் பார்த்ததில், மூங்கில் உடைந்தது 13 மிதவையில்தான். வேண்டியது 31 நீள மூங்கில், 22 மூலைத் துண்டு. மற்றதெல்லாம் வலை கிழிந்ததும் பாசி போனதும். அப்படியே வாங்கியிருந்தால் 105 மூங்கில் வீணாகக் கரையில் கிடந்திருக்கும். இது போதாதென்று, தம்பி அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் "கம்பு வந்துரும், வலையும் வந்துரும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வலைக்கு எங்களிடம் பணமே இல்லை.

அவர் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. சேதம் என்று கேட்டேன், சேதத்தை எண்ணினார். எதைச் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் என்றேன், கையிலிருந்த மற்ற வேலையை முடித்துவிட்டு மூன்றாம் நாளில் வந்தார், அவர் கணக்கில் அது சீக்கிரம்தான்.

கணக்கு யார் கைக்குப் போகிறது?

எழுத உட்காரும் முன் இந்தக் கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். தம்பி கொண்டுவரும் தாளை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? மூங்கில் ஆர்டர் கொடுக்கப் போகிறேன். அப்படியானால் எண்ண வேண்டியது மிதவையை அல்ல, மூங்கிலை. வங்கிக் கடனைத் தள்ளிக் கட்ட மனு எழுதப் போகிறேன் என்றால் எண்ண வேண்டியது பாசியின் எடை. வலை வாங்கப் போகிறேன் என்றால் கிழிசல். ஒரே காற்று, ஒரே கரை, மூன்று வெவ்வேறு கணக்கு.

ஆகவே செய்தியின் முதல் வரியில் வேலையை எழுதாமல், அந்த வேலை எதற்கு என்பதை எழுதுங்கள். "மாத்து மூங்கில் வாங்கப் போறோம்" என்று தெரிந்துவிட்டால், நீங்கள் சொல்ல மறந்ததைக்கூட இளையவர் தானாகவே சரியாகச் செய்துவிடுவார். விரிசல் விட்ட மூங்கிலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கரையில் நின்று யோசிக்கும்போது அந்த ஒரு வரிதான் அவருக்குக் கைகொடுக்கும்.

அதற்கு அடுத்து, முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். "விவரம்", "நிலவரம்", "ரிப்போர்ட்" ஆகிய மூன்று சொற்களும் வேலைக்கு ஆகாது. ஒவ்வொருவர் மனத்திலும் அவை ஒவ்வொரு வடிவில் இருக்கின்றன. "ஆள்வாரியாக ஒரு தாள். பேர், எத்தனை நீள மூங்கில், எத்தனை துண்டு" என்று எழுதினால் அதில் குழம்ப எதுவும் இல்லை.

எல்லை என்பது தடை மட்டும் இல்லை

புதிதாக வேலை கொடுப்பவர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான். எல்லை போடுவது அதிகாரம் செய்வதுபோல இருக்கும் என்ற கூச்சம்தான் காரணம். உண்மையில் எல்லை தெரியாத பிள்ளைதான் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும், அல்லது கேட்கப் பயந்துகொண்டு தானாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

நான் எல்லையை மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன். ஒன்று, வேலையில் எது சேராது. மூங்கில் மட்டும், வலையும் பாசியும் இப்போது வேண்டாம். இதை எழுதாவிட்டால் நல்ல பிள்ளை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருவார், நேரம் போய்விடும்.

இரண்டாவது, அவர் கேட்காமலே முடிவு செய்யக் கூடியது எது. எந்த வீட்டில் ஆரம்பிப்பது, யாரைத் துணைக்குக் கூட்டிக்கொள்வது, ஆட்டோவுக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம். இந்த வரிதான் செய்தியிலிருந்து அதிகார வாடையை எடுக்கிறது. "தயவு செய்து" என்று பத்து முறை போட்டாலும் வராத மரியாதை, "இது உங்க இஷ்டம்" என்று ஓர் இடத்தில் உண்மையாகவே விட்டுக்கொடுத்தால் வந்துவிடும். விட்டுக்கொடுத்தபின் அதில் தலையிடக் கூடாது. ஆட்டோவுக்கு 300 ரூபாய் என்று எழுதிவிட்டு, 280 ரூபாய்க்கு "பஸ்ல போயிருக்கலாமே" என்று கேட்டால் அடுத்த முறை அந்த வரியை யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது, என்ன வாக்கு கொடுக்கக் கூடாது. நம் கரையில் இது பெரிய விஷயம். முனைக்காட்டில் தம்பிக்கு ஒரு சித்தி இருக்கிறார், அம்மா வழியில் இன்னும் இரண்டு வீடு சொந்தம். தாளும் பேனாவுமாகப் போய் நின்றால், "எனக்கு எத்தனை எழுதினே?" என்று கேட்கத்தான் செய்வார்கள். சித்தி கேட்கும்போது "தெரியாது" என்று சொல்ல அந்த வயதுப் பிள்ளைக்கு வாய் வராது. "எதுவும் சொல்லாதீங்க" என்று எழுதுவது அவருக்கு உதவாது, அங்கே நின்று என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது. அதனால் சொல்லக் கூடிய பதிலையே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: "கணக்கு எடுக்கத்தான் வந்திருக்கேன், யாருக்கு எவ்வளவுன்னு வெள்ளிக்கிழமை அக்கா நேரா வந்து சொல்வாங்க." பழி என் மேல் வருகிறது, பிள்ளைக்குச் சித்தி வீட்டில் சாப்பாடு கிடைக்கிறது. அதுதான் சரி. மேலே இருப்பவர் தாங்க வேண்டிய கேள்வியைக் கீழே இருப்பவர் தலையில் போடக் கூடாது.

இன்னொரு எல்லை பாதுகாப்பு. கடலுக்குள் இறங்க வேண்டாம், வள்ளத்தில் போக வேண்டாம், கரையில் இழுத்துப் போட்டிருக்கும்போது மட்டும் பார்த்தால் போதும். இதில் பணிவாகச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. நேராக எழுதுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

"சீக்கிரம்" என்றால் எப்போது?

சீக்கிரம், உடனே, கூடிய விரைவில் என்ற சொற்களை விட்டுவிடுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள்" என்பதுகூடக் குழப்பும். சிலருக்கு அது வியாழன் இரவோடு முடிகிறது, சிலருக்கு வெள்ளி நள்ளிரவு வரை போகிறது. கிழமை, தேதி, மணி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். கிழமையும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று காலண்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். செவ்வாய் என்று எழுதி புதன்கிழமைத் தேதியைப் போட்டால், இளையவர் தனக்கு வசதியானதைத்தான் எடுத்துக்கொள்வார்.

அடுத்து, அந்த நேரம் ஏன் என்று ஒரு வரி. வெள்ளி காலை கடையில் சொன்னால்தான் திங்கள் லாரியில் மூங்கில் ஏறும், செவ்வாய் விதைப்பாசி வருகிறது. பாசியைக் கடலிலிருந்து எடுத்துக் கரையில் காத்திருக்க வைக்க முடியாது, வந்த அன்றே கட்டியாக வேண்டும். இந்தச் சங்கிலி தெரிந்தால், "வியாழன் 5 மணி" என்பது அக்காவின் பிடிவாதமாக இல்லாமல் லாரியின் நேரமாகிவிடும். காரணம் இல்லாத கெடுதான் மிரட்டல்போலத் தெரிகிறது. உங்களுக்கே காரணம் தெரியாவிட்டால் கெடுவைத் தள்ளி வையுங்கள். சும்மா முன்னால் போட்ட கெடு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த உண்மையான கெடுவும் தளர்ந்துவிடும்.

கெடுவுக்கு முன்னால் ஒரு நடுப்புள்ளி வையுங்கள். முழு வேலையும் முடிந்தபின் தப்பு தெரிந்தால் திரும்பப் போக நேரம் இருக்காது. "முதல் 3 பேர் கணக்கை மட்டும் புதன் மதியம் அனுப்புங்க" என்றால், மிதவையை எண்ணுகிறாரா மூங்கிலை எண்ணுகிறாரா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். நடுப்புள்ளி ஒன்று போதும். நாளுக்கு மூன்று முறை "என்னாச்சு?" என்று கேட்பது வேறு விஷயம், அது நம்பவில்லை என்று சொல்வதுதான்.

குரல் எங்கே கெடுகிறது?

தமிழில் இது வினைச்சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது. "எண்ணி அனுப்பவும்" என்பது நோட்டீஸ் போர்டு. "அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்றால் மெமோ, வாங்குபவருக்கு வயிற்றைக் கலக்கும். "எண்ணி அனுப்பு" என்பது வீட்டில் தம்பியிடம் சரி, அலுவலகத்தில் எழுத்தில் வேண்டாம். "எண்ணி அனுப்புங்க" போதும். மரியாதையும் இருக்கிறது, செய்ய வேண்டிய வேலை என்பதும் தெரிகிறது.

மறுபக்கம் ஒரு பள்ளம் உண்டு, நல்ல மனசுக்காரர்கள் அதில்தான் விழுகிறார்கள். "முடிஞ்சா பாருங்க", "நேரம் கிடைச்சா", "சும்மா ஒரு எட்டு போய்ட்டு வர முடியுமா" என்று எழுதுவது. மூத்தவர் மனத்தில் அது கட்டாயம், இளையவர் கண்ணில் அது விருப்பம். வேலை நடக்காதபோது மூத்தவருக்குக் கோபம் வருகிறது, இளையவருக்கு ஏன் என்று புரிவதில்லை. கட்டாயம் என்றால் "வேணும்" என்று எழுதுங்கள். உண்மையிலேயே விருப்பம் என்றால் மட்டும் "முடிஞ்சா".

"நாம எண்ணணும்" என்பதிலும் கவனம். வேலை பொதுவானது என்று காட்டும் நல்ல சொல்தான். ஆனால் எண்ணப் போவது யார் என்று அதில் இல்லை. காரணம் சொல்லும்போது "நாம", வேலை சொல்லும்போது "நீங்க", நான் செய்யப் போவதற்கு "நான்". இந்த மூன்றையும் கலக்காமல் எழுதினால் செய்தி தெளிவாகிவிடும்.

செய்தியைக் குழுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள். பதினான்கு பேர் பார்க்க ஒருவருக்கு வேலை சொன்னால், எவ்வளவு இதமாக எழுதினாலும் அது திட்டுபோலத்தான் விழும். அப்புறம், முதலில் போனில் பேசிவிட்டு எழுதுவது நல்லது. பேச்சில் குரல் இருக்கிறது, கேள்வி கேட்க இடமிருக்கிறது. எழுத்து அந்தப் பேச்சின் நினைவுக்காக.

முழுச் செய்தி

அடுத்த வருடம் காற்று அடித்தபோது, 21-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை தம்பியிடம் போனில் பேசிவிட்டு மத்தியானம் இதை அனுப்பினேன்:

> தம்பி, காலையில பேசினதுதான், கையில இருக்கட்டும்னு எழுதி அனுப்புறேன்.
>
> முனைக்காட்டுக் குழுவுல 12 பேருக்கும் நாம மாத்து மூங்கில் வாங்கப் போறோம். யாருக்கு எத்தனை நீள மூங்கில், எத்தனை மூலைத் துண்டு வேணும்னு ஆள்வாரியா ஒரு தாள்ல வேணும். அதை வச்சுத்தான் நான் கடையில ஆர்டர் கொடுப்பேன்.
>
> உடைஞ்சதையும் விரிசல் விட்டதையும் எண்ணுங்க. வலையும் பாசியும் இப்ப வேண்டாம். யாராவது சொன்னா கடைசிப் பக்கத்துல தனியா குறிச்சுக்கோங்க. கரையில இழுத்துப் போட்டிருக்கும்போது பாத்தா போதும். கடல்ல இறங்க வேண்டாம், வள்ளத்துலயும் போக வேண்டாம்.
>
> எப்ப வரும், எனக்கு எத்தனைன்னு கேட்பாங்க. "கணக்கு எடுக்கத்தான் வந்திருக்கேன், வெள்ளிக்கிழமை அக்கா நேரா வந்து சொல்வாங்க"ன்னு சொல்லிடுங்க.
>
> யார் வீட்டுல ஆரம்பிக்கிறது, யாரைத் துணைக்குக் கூட்டிக்கிறது எல்லாம் உங்க இஷ்டம். ஆட்டோவுக்கு 300 ரூபாய் வரைக்கும் கேக்காமலே செலவு பண்ணலாம்.
>
> 23-ஆம் தேதி வியாழன் சாயங்காலம் 5 மணிக்குத் தாள் எனக்கு வேணும். வெள்ளி காலை 10 மணிக்குக் கடையில சொன்னாத்தான் திங்கள் லாரியில ஏறும், செவ்வாய் விதைப்பாசி வருது. புதன் மதியம் 2 மணிக்கு முதல் 3 பேர் கணக்கை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு அரை மணி நேரத்துல சொல்றேன்.
>
> இந்த ரெண்டு நாள்ல வேற வேலை குறுக்கே இருந்தாலோ, ஆள் யாரும் கரையில இருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சாலோ, இன்னிக்கு ராத்திரி 8 மணிக்குள்ள சொல்லுங்க, தேதியை மாத்திக்கலாம்.

நீளமான செய்திதான். ஆனாலும் படிக்க இரண்டு நிமிடம் ஆகாது. போன தடவை அந்த ஒற்றை வரிக்குப்பின் போன நாட்களைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

கடைசி வரியைப் பாருங்கள். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று எழுதவில்லை. அப்படி எழுதினால் யாரும் கேட்பதில்லை. கேட்டால் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயம் இருக்கும். எந்த மாதிரித் தடை வரலாம் என்று நீங்களே இரண்டைச் சொல்லி, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்றும் எழுதிவிட்டால், "முடியாது" என்று சொல்வதும் வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அன்று ராத்திரி ஏழரைக்குப் பதில் வந்தது: "அக்கா, புதன் காலைல அவங்க எல்லாரும் பாசி எடுக்கக் கடலுக்குள்ள போயிருப்பாங்க. மதியத்துக்கு மேலதான் கரைக்கு வருவாங்க. போட்டோ 2 மணிக்கு வராது, 4 மணிக்கு அனுப்பவா?" எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அவருக்குத்தான் நினைவிருந்தது. 4 மணி என்று மாற்றினேன்.

அனுப்பிய பிறகு

"ஓகே அக்கா" என்று மட்டும் பதில் வந்தால் நான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. படித்தார் என்பதுதான் அதில் தெரியும். "எதுல ஆரம்பிக்கப் போறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்பேன். "உடைஞ்ச மிதவை எத்தனைன்னு எழுதிக்கிட்டு..." என்று பதில் ஆரம்பித்தால் எங்கே புரியவில்லை என்று தெரிந்துவிடும். புரிந்ததா என்று சோதிப்பதாகவும் இராது, வேலையைப் பற்றிய சாதாரணப் பேச்சாகவே இருக்கும்.

நடுவில் ஏதாவது மாறினால், பழைய செய்திக்குப் பதிலாகவே, மாறியதை மட்டும் எழுதி அனுப்புங்கள்: "நேரம் மட்டும் மாறுது, புதன் 4 மணி. மத்ததெல்லாம் அப்படியே." இதைப் போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள். கரையில் சில இடங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும், பாதிதான் கேட்டிருப்பார். கெடுவை நீங்கள் முன்னால் இழுத்தால், எதை விட்டுவிடலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே வேலையை அதே அளவில் வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் குறைப்பது நியாயம் இல்லை.

புதன் 4.10-க்கு மூன்று பேர் கணக்கு வந்தது. பேர், நீளம், துண்டு என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "அக்கா, ஒருத்தவங்க போன வருஷம் உடைஞ்ச கம்பையே கயிறு சுத்தி ஓட்டிக்கிட்டு இருக்காங்க. இந்தக் காத்துல உடைஞ்சது இல்ல. எண்ணவா?" நான் யோசிக்காத ஒன்று. மூங்கில் வாங்குவது புது விதைப்பாசியைத் தாங்கத்தானே, எண்ணுங்க என்று எழுதினேன். தனியாக ஒரு கட்டம் போட்டு "பழசு" என்று எழுதட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். வியாழன் 4.40-க்குத் தாள் வந்தது. அந்தப் "பழசு" கட்டத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.